முற்றத்தை எப்படிச் சொல்லி அனுப்புவது

கும்பகோணத்தில் கிழமேலாக ஓடும் ஒரு தெரு. அதன் வடக்குச் சிறகில், தெற்குப் பார்த்த வீடு. வீட்டுக்கு உரியவர்கள் மூன்று பேர்: அக்கா சிங்கப்பூரில், தம்பி நியூ ஜெர்சியில், இன்னொரு தங்கை மெல்போர்னில். வீட்டில் இப்போது இருப்பது அவர்களுடைய அத்தை மட்டும். இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று மூன்று வருடம் பேசி, கடைசியில் முன்பாதியைப் பழையபடி புதுக்கி, மேலே ஒரு மாடி எடுப்பது என்று முடிவானது. கட்டுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, கோயம்புத்தூரில் த்ரீடி படம் போடும் ஒரு தம்பியைப் பிடித்தார்கள். அக்கா அவருக்கு அனுப்பிய முதல் செய்தி இது.

“தம்பி, வணக்கம். எங்கள் தாத்தா காலத்து வீடு. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், பெரிய கூடம், ஊஞ்சல். பழைய அழகு கெடாமல் மேலே ஒரு மாடி வேண்டும். முற்றத்தில் நல்ல வெளிச்சம் வர வேண்டும். போட்டோ பத்து அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறோம், அதற்குள் படம் கிடைத்தால் நல்லது.”

பத்து நாளில் படம் வந்தது. பளபளவென்று இருந்தது. நடுவே பதினான்கு அடிச் சதுரத்தில் ஒரு முற்றம், அதில் கூழாங்கல், ஒரு பித்தளை உருளியில் தாமரை. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். கருங்காலி நிறத்தில் செட்டிநாட்டுத் தூண்கள். அத்தைக்கு அனுப்பினார்கள். “இது யார் வீடு?” என்று கேட்டார்.

படம் போட்டவர் மேல் குற்றமில்லை. அந்தச் செய்தியில் ஓர் எண்கூட இல்லை. நாம் எதைச் சொல்லாமல் விடுகிறோமோ அதை அவர் தன் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சாமானைக் கொண்டு நிரப்புவார். தூண் என்று மட்டும் சொன்னால் அவரிடம் இருக்கிற தூண்தான் வரும். பெரிய முற்றம் என்று சொன்னால் அவர் மனதில் எது பெரியதோ அது வரும். அக்காவுக்கு அந்த முற்றம் பெரியதாக இருந்தது அவர் ஏழு வயதில். அளந்து பார்த்தபோது ஒன்பதடிக்கு எட்டடி.

இந்தக் கட்டத்தில்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் முதலில் சொன்னது, அடுத்த செய்தியை எழுதும் முன் அத்தையும் ஒரு கொத்தனாரும் ஒரு நாள் காலை டேப்போடு வீட்டில் நிற்க வேண்டும் என்பதுதான்.

அளவெடுப்பதில் வெளிநாட்டிலிருந்து வழிநடத்துகிறவர்கள் செய்யும் தவறு, அறை அறையாக அளவு கேட்பது. அப்படிக் கேட்டால் சுவர்களின் கனம் விட்டுப்போகும். இந்த வீட்டில் குறுக்குச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. ஐந்து சுவரை விட்டால் ஏழரை அடி காணாமல் போய்விடும். படத்தில் சமையலறை தெருவை நோக்கி நகர்ந்திருக்கும். அதனால் வாசல் நிலையில் டேப்பின் நுனியைப் பிடித்து, நடை, தாழ்வாரம், கூடம் என்று ஒரே நேர்கோட்டில் கொல்லை வரை இழுத்து, ஒவ்வொரு சுவரின் இரண்டு முகத்திலும் எண்ணைப் படித்துக் குறிக்கச் சொன்னேன். அதிர்ஷ்டவசமாக நம் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லை தெரியும். டேப்புக்கும் அதே வழி. சுவரின் கனத்தைக் கதவு நிலையில் வைத்து அளந்துவிடலாம்.

இன்னொன்று, மூலைவிட்டம். ஒன்பதுக்கு எட்டு என்றால் மூலைக்கு மூலை பன்னிரண்டு அடியும் அரை அங்குலமும் இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் 12 அடி 3 அங்குலம், மறுபக்கம் 11 அடி 10 அங்குலம் வந்தது. முற்றம் சற்றுக் கோணல் என்று அர்த்தம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய வரிசை வீடுகளில் இது சகஜம். கோணலை மறைத்து நேராக வரைந்தால், பிறகு அந்தப் படத்தை நம்பி வாங்கும் கல் மூலையில் பொருந்தாது.

அளவு கையில் வந்த பிறகு அக்கா எழுதிய இரண்டாவது செய்தியை, அவர் அனுமதியோடு, கிட்டத்தட்ட முழுவதுமாகத் தருகிறேன்.

“தம்பி, முதல் படங்களுக்கு நன்றி. நாங்கள் சரியாகச் சொல்லாததால் உங்களுக்கு வீண் வேலை. இப்போது வாசலிலிருந்து உள்ளே நடந்து வருவதுபோல் சொல்கிறேன். இதோடு கையால் வரைந்த அளவுப் படமும் இருக்கிறது. சொல்லும் படமும் முரண்பட்டால் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மனை அகலம் 22 அடி. இரண்டு பக்கமும் ஒன்றரை அடிப் பொதுச்சுவர், அதனால் உள்ளே 19 அடிதான். வீடு தெற்குப் பார்த்தது. கிழக்கு வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டார், அவர் சுவர் தெருவிலிருந்து 24 அடி உயரம் நிற்கிறது. மேற்கு வீடு இன்னும் ஓட்டு வீடுதான். இரண்டையும் வெறும் பெட்டியாகவாவது படத்தில் வையுங்கள். காலை வெயில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் எங்களுக்கு வருகிறது.

திண்ணை தெருவிலிருந்து மூன்று படி உயரம், ஆறடி ஆழம், நடையின் இரண்டு பக்கமும் உண்டு. மேற்குத் திண்ணையில் சாய்மானம் இருக்கிறது, கிழக்கில் இல்லை. அதை அப்படியே விடுங்கள். வாசல் நிலை உயரம் 5 அடி 10 அங்குலம்தான், என் தம்பி குனிந்துதான் வர வேண்டும். அதையும் உயர்த்த வேண்டாம்.

நடை பத்தடி நீளம், நாலடி அகலம், இருட்டு. அந்த இருட்டு எங்களுக்கு வேண்டும். விளக்குப் போட்டுப் பிரகாசமாகக் காட்டாதீர்கள். இருட்டிலிருந்து முற்றத்து வெளிச்சத்துக்கு வருவதுதான் இந்த வீடு.

நடையைத் தாண்டினால் தெற்குத் தாழ்வாரம், ஐந்தடி. அடுத்து முற்றம். தெற்கு வடக்காக 9 அடி, கிழக்கு மேற்காக 8 அடி. கிழக்கே நாலடித் தாழ்வாரம், மேற்கே ஏழடி. வடக்கே கூடம், 14 அடி ஆழம். முற்றம் கூடத்தைவிட ஓர் அடி பள்ளம். ஓட்டு நுனி நான்கு பக்கமும் முற்றத்துக்குள் ஓர் அடி நீண்டிருக்கிறது, அதனால் மேலே வானம் தெரிவது ஏழுக்கு ஆறு அடிதான். முற்றத் தரையிலிருந்து ஓட்டு நுனி 9 அடி. தெற்குப் பக்கம் அளந்தோம், மற்றப் பக்கமும் அதே அளவுதான்.

தூண்கள் தேக்கு, மொத்தம் எட்டு. நூல் சுற்றி அளந்ததில் சுற்றளவு 27 அங்குலம். அடியில் ஒன்றரை அடி உயரக் கல். செதுக்கு வேலை எதுவும் இல்லை, வெறும் உருட்டுத்தான். தரை சிவப்பு சிமெண்டு, ஓரத்தில் கறுப்புப் பட்டை. ஊஞ்சல் பலகை ஆறடிக்கு இரண்டடி.

முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் ஜலதாரை. நாலங்குலத் துளை, நடைக்கு அடியாகத் தெருவுக்குப் போகிறது. முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி இருக்கிறது, குரங்குக்காக. புதிய வீட்டிலும் வேண்டும்.

கூடத்துக்கு வடக்கே பூஜை அறையும் சாமான் அறையும், அதற்கப்புறம் சமையலறை, கொல்லைத் தாழ்வாரம், கிணறு. அந்தப் பாதியை எங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்வோம். இப்போதைக்கு வெறும் சுவராக விட்டுவிடுங்கள்.

மாடி முன்பக்கம், தெருவைப் பார்த்து. அங்கே ஒரு பால்கனி இருந்தால் தேர் பார்க்கலாம் என்று தம்பி ஆசைப்படுகிறான். முற்றம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.”

நல்ல கடிதம். நடையின் இருட்டைச் சொன்ன இடத்தை நான் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். கடிதத்தோடு புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினார்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப் போய், ஓட்டின் வரிசையை எண்ண முடியாது. ஆனால் கடைசி இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மாடி முன்பக்கம் வேண்டும், முற்றம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதை நீள அகலம் சொல்லாது. சுற்றியுள்ள உயரம்தான் சொல்லும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் இங்கே வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நேர் உச்சிக்கு வரும். நடுவில் ஜூனில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். டிசம்பர் 21 வாக்கில், மதியம் பன்னிரண்டு பத்துக்கு, பத்தடி உயரக் கம்பு ஒன்றை நட்டால் அதன் நிழல் வடக்கே கிட்டத்தட்ட ஏழடி விழும். ஜூன் 21 அன்று அதே கம்பின் நிழல் தெற்கே இரண்டடியைக் கொஞ்சம் தாண்டும். இந்த இரண்டு எண்ணும் போதும்.

இப்போது பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்துத் தரையிலிருந்து பார்த்தால் ஓட்டு நுனி 8 அடி உயரம். மார்கழி மதியத்தில் அதன் நிழல் ஐந்தரை அடி. தெற்கு ஓட்டு நுனியின் நேர் கீழிருந்து வடக்கே எண்ணினால், வெயில் ஐந்தரை அடியில் தொடங்க வேண்டும். வடக்கு ஓட்டு நுனி ஏழடி தள்ளி இருக்கிறது; அதன் நிழலும் ஐந்தரை அடி என்பதால் வெயில் பன்னிரண்டரை அடியில் முடியும். கூடத்தின் விளிம்பு எட்டாவது அடியில். அதாவது மார்கழி வெயிலில் பெரும்பகுதி முற்றத்தில் விழவே விழாது. வடக்கு ஓட்டுக்கு அடியாக நுழைந்து, கூடத்தில் நாலரை அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். முற்றத்துத் தரையில் கூடத்தை ஒட்டி ஒரு குறுகிய பட்டை மட்டும் கிடைக்கும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, “அதான் பாட்டி அங்கதான் உக்காருவா, குளிர் நாள்ல,” என்றார். கட்டினவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு முன் கட்டினவரைப் பார்த்திருக்க வேண்டும்.

தம்பி கேட்ட மாடியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். மாடிச் சுவர் முற்றத்து விளிம்போடு, தெற்கு ஓட்டு நுனி இருக்கும் இடத்திலேயே எழும்பினால், அதன் உச்சி கூடத்துத் தரையிலிருந்து 19 அடி. நிழல் பதின்மூன்று அடி. வெயில் முடிவதே பன்னிரண்டரை அடியில். கூடத்து வெயில் முழுசாகப் போய்விடும். முற்றத்தின் நீளம் அகலம் ஓர் அங்குலம்கூட மாறியிருக்காது. கடிதத்தில் கேட்டபடி “அப்படியே” இருக்கும்.

படத்தில் இது தெரியாது. த்ரீடி போடுகிறவர்கள் வழக்கமாகச் சூரியனை அழகுக்காக வைப்பார்கள்: வெயில் சாய்வாகத் தூண்களின் மேல் விழும்படி எங்கோ ஓரிடத்தில். வடக்கிலிருந்து வெயில் வரும் முற்றத்தை நான் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன், அதுவும் பொங்கல் கோலத்தோடு. ஆகவே செய்தியில் ஊர், தேதி, மணி மூன்றையும் கொடுத்து, வடக்குத் திசையைக் குறித்து அனுப்ப வேண்டும். அந்த மென்பொருள்களில் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியனைத் தானே சரியான இடத்தில் வைக்கும் வசதி உண்டு, கேட்டால்தான் பயன்படுத்துவார்கள். வடக்கைப் போன் திசைகாட்டியில் பார்க்கும்போது முற்றத்துக் கம்பிக்குக் கீழே நின்று பார்க்காதீர்கள். இரும்பு முள்ளை இழுத்துவிடும். தெருவில், வண்டி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மூன்று படம் கேட்டார், மூன்றும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுபோல்: டிசம்பர் 21, ஏப்ரல் 20, ஜூன் 21, மூன்றிலும் நடு மதியம். முதல் படத்தில் கூடம் மங்கிக் கிடந்தது. நியூ ஜெர்சித் தம்பி அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

தீர்வு இரண்டு இருந்தன. மாடியைக் கூடத்துக்கு வடக்கே, பூஜை அறைக்கும் சமையலறைக்கும் மேல் எடுக்கலாம். அங்கே எவ்வளவு உயர்த்தினாலும் மார்கழி வெயிலை மறைக்காது. கணக்குப்படி இதுதான் நல்லது. ஆனால் தேர் தெரியாது. இரண்டாவது, முன்மாடியையே முற்றத்திலிருந்து பின்னுக்கு இழுப்பது. நிழல் பதின்மூன்று அடி, கூடத்து விளிம்பு எட்டில்; மாடியின் வடக்கு நுனியை ஐந்தடி தெற்கே தள்ளினால் கூடத்து வெயில் அப்படியே மிஞ்சும். நடைக்கும் தெற்குத் தாழ்வாரத்துக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை அடிச் சுவரின் வடக்கு முகம் ஓட்டு நுனியிலிருந்து சரியாக ஆறடியில் இருந்தது. மாடிச் சுவரை அதன் மேல் வைத்து, ஓரடி வெயில் தடுப்பும் கொடுக்கலாம். தாழ்வாரத்து ஓடு தொடப்படாமல் இருக்கும். முற்றத் தரையில் விழுந்த அந்தக் குறுகிய பட்டை மட்டும் போகும். பழைய சுவர் மாடியின் பாரத்தைத் தாங்குமா என்பது படம் போடுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை; அதற்கு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கும் ஒரு பொறியாளர் வேண்டும். இங்கே தோண்டிப் பார்த்தார்கள், சுவருக்குள் புதிதாகக் கான்கிரீட் தூண்கள் வைக்கச் சொன்னார்.

இரண்டாவது படத்திலும் முற்றம் ஒரு மைதானம்போலத்தான் இருந்தது. அளவு சரி, கேமரா தவறு. பத்தொன்பது அடி வீட்டுக்குள் நின்று முழு முற்றத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாததால், கேமராவைச் சுவருக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்குள் நிறுத்திவிட்டு, சுவரை மறைத்துவிடுவார்கள். அல்லது அகலக் கோண லென்ஸ் போடுவார்கள். ஓரங்கள் நீளும், நடு தூரப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஊஞ்சலைப் பாருங்கள். ஆறடிப் பலகை என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். படத்தில் அது முக்காலிபோலத் தெரிந்தால் கேமரா பொய் சொல்கிறது. ஐந்தடி உயரத்தில், வீட்டுக்குள் ஓர் ஆள் உண்மையில் நிற்கக்கூடிய இடத்தில் கேமரா இருக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். முழு முற்றமும் வராவிட்டால் வராது. நேரில் நின்றாலும் தலையைத் திருப்பித்தானே பார்க்கிறோம்.

முற்றத்துப் பள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று படம் போட்டவர் அதைக் கூடத்தோடு சமமாக்கிக் கல் பரப்பியிருந்தார். உள்நோக்கிச் சாயும் ஓடும் திறந்த வாயும் சேர்ந்து இங்கே சுமார் 500 சதுர அடி மழையை முற்றத்தில் இறக்குகின்றன. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் அது 2,300 லிட்டர். ஜலதாரை அடைத்துக்கொண்டால், எழுபத்திரண்டு சதுர அடி முற்றத்தில் தண்ணீர் ஓர் அடிக்கு மேல் நிற்கும். ஓரடிப் பள்ளமே அன்றைக்குப் போதாது. சமமாக்கினால் ஒரு சாதாரண மழைக்கே கூடம் நனையும். பள்ளம் திரும்ப வந்தது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு மிச்சம் இருந்தது. டிசம்பர் 21 வந்தபோது அத்தையை மதியம் பன்னிரண்டு பத்துக்குக் கூடத்தில் வெயில் முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னோம். படத்தில் வெயில் விளிம்பிலிருந்து நாலரை அடிக்குப் போயிருந்தது. அத்தை போட்ட கோடு 4 அடி 3 அங்குலத்தில் இருந்தது. மூன்று அங்குலம் குறைவு. வெயில் முடியும் கோட்டைப் போடுவது வடக்கு ஓட்டு நுனி. அது நாலங்குலம் தாழ்ந்திருந்தால் இந்தக் குறைவு வரும். “மற்றப் பக்கமும் அதே அளவுதான்” என்று கடிதத்தில் எழுதியது அளக்காமல் எழுதியது.

கொத்தனார் தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்த்தார். வடக்கு ஓட்டு நுனி நாலங்குலம் இறங்கித்தான் இருந்தது, கிழக்குப் பக்கம் அதிகமாக. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால், கூடத்து முகப்பு உத்திரத்தின் கிழக்கு முனை பொதுச்சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையான் தின்று, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு இருந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் அந்த வாரம் முதலில் கொடுத்தது மாடிக்கான அட்வான்ஸ் இல்லை, ஒரு பதினைந்தடித் தேக்கு உத்திரத்துக்கான அட்வான்ஸ்.